ஜப்பானியப் பேச்சுத் துணை: எங்கே தேடுவது, நிமிடங்களை எப்படிப் பங்கிடுவது?

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியின் நடு நிலை, என்-3 சான்றிதழ் கையில் இருக்கும், ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் எதிரே அமர்ந்து "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வாய் திறக்காது. என்னுடன் சென்னையில் ஜப்பானியம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நிலை. காரணம் எளிது. ஜேஎல்பிடி தேர்வில் சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் உண்டு; பேச்சுத் தேர்வு கிடையாது. ஆகவே வாயைத் திறக்காமலேயே உச்ச நிலையான என்-1 வரை ஏறிவிட முடியும்.

இந்த இடத்தில் பலரும் மொழிப் பரிமாற்றத்துக்கு வருகிறார்கள். ஜப்பானியர் ஒருவரை இணையத்தில் பிடிப்பது, அவருக்கு ஆங்கிலமோ தமிழோ சொல்லித்தருவது, பதிலுக்கு ஜப்பானியத்தில் பேசிப் பழகுவது என்பது திட்டம். உடனே இரண்டு கேள்விகள் எழும். எங்கே தேடுவது? கிடைத்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் கேள்வியில் எல்லாரும் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள். ஆனால் உறவு நிற்பதும் முறிவதும் இரண்டாம் கேள்வியில்தான். எனவே இங்கே அதற்குக் கூடுதல் இடம் தருகிறேன்.

## எதை வைத்து அளப்பது

மூன்று அளவுகோல்கள் போதும்.

முதலாவது, வாரத்துக்கு எத்தனை நிமிடம் என் வாயிலிருந்து ஜப்பானியம் வந்தது என்பது. ஜப்பானியத்துக்கு ஒதுக்கிய நேரம் வேறு, நான் ஜப்பானியம் பேசிய நேரம் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் ஆறு மாதம் ஓட்டியவன் நான்.

இரண்டாவது, ஏற்பாடு மூன்று மாதம் தாங்குமா என்பது. இரண்டு அழைப்போடு முடிந்துபோகும் அறிமுகத்தில் இருவரும் தன்னறிமுகத்தைத் தாண்டுவதே இல்லை. பத்துப் பேரிடம் அதே தன்னறிமுகத்தைச் சொன்னால் அது மனப்பாடம் ஆகுமே தவிர பேச்சு வளராது.

மூன்றாவது, பணமாகத் தெரியாத செலவு: தேடும் நேரம், தயாரிப்பு, திருத்தங்கள் தின்னும் நிமிடங்கள், தேவையற்ற ஆட்களின் தொல்லை.

## எங்கே தேடுவது

### கைப்பேசிச் செயலிகள்

ஹலோடாக், டேண்டம் இரண்டும் இதற்கென்றே இருப்பவை. ஜப்பானியர்கள் அங்கே ஏராளமாக இருக்கிறார்கள். பதிவு செய்த அன்றே யாராவது வணக்கம் சொல்லிவிடுவார்கள். ஹலோடாக்கில் நீங்கள் எழுதிய வரியை எதிராளி அப்படியே எடுத்துத் திருத்திக் காட்டும் வசதி உண்டு. எழுத்துப் பழக்கத்துக்கு அது அருமையான கருவி.

மறைந்திருக்கும் செலவும் அங்கேதான் இருக்கிறது. செயலி எழுத்தரட்டைக்காகக் கட்டப்பட்டது. பேச்சுக்கு நகர்த்துவது உங்கள் வேலை. மூன்று வாரம் "இன்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று எழுதிக்கொண்டிருந்துவிட்டு, அழைக்கலாமா என்று கேட்டதும் மறைந்துபோனவர்கள் என் கணக்கில் பலர். பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு: மொழி கற்க வராமல் வேறு எண்ணத்தோடு வருபவர்களைத் தினமும் வடிகட்ட வேண்டும். ஒரே பாலினத்தவருக்கு மட்டும் தெரியும்படி தேடலைச் சுருக்கும் வசதி இருந்தால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். வீட்டு முகவரி, பணியிடம் ஆகியவற்றைச் சுயவிவரத்தில் எழுதாதீர்கள்.

உங்கள் நிலை என்-4ஐ ஒட்டி இருந்து, இன்னும் வாக்கியம் கட்டவே நேரம் பிடிக்கிறது என்றால் செயலி நல்லது. எழுதிப் பழகி, குரல் பதிவு அனுப்பி, பிறகு அழைப்புக்குப் போகலாம்.

### துணை தேடித்தரும் இணையதளங்கள்

`conversationexchange.com` போன்ற பழைய பாணித் தளங்கள் பார்க்க அழகாக இருக்காது. நாடு, தாய்மொழி, கற்கும் மொழி, நேரில் சந்திப்பா குரல் உரையாடலா கடிதமா என்று குறிப்பிட்டுத் தேடலாம். பதில் வர நான்கைந்து நாள் ஆகும். பலர் பதிலே எழுத மாட்டார்கள். ஆனால் எழுதுபவர் பேசுவதற்காகவே பதிந்தவராக இருப்பார். எனக்கு நிலைத்த இரண்டு துணைகளும் இப்படி ஒரு தளத்திலிருந்து கிடைத்தவர்களே. என்-3 எட்டியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

முதல் கடிதம் இங்கே மிக முக்கியம். "நண்பராகலாமா" என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும். நான் எழுதுவது ஐந்தாறு வரி, ஜப்பானியத்தில்: என் நிலை, நான் தரக்கூடிய மொழி, ஜப்பான் நேரப்படி எந்த நாள் எத்தனை மணிக்கு முடியும், நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்க விரும்புகிறேன் என்பது, முதலில் 20 நிமிடச் சோதனை அழைப்பு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் கணக்கு ஆண்டு முழுவதும் மாறாது. சனிக்கிழமை காலை 7 மணி அவர்களுக்கு 10.30. வார நாளில் நம் மாலை 5.30 அவர்களுக்கு இரவு 9. அலுவலகம் முடிந்து நாம் வீடு சேரும் நேரத்தில் அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள் என்பதால் வார இறுதிக் காலைதான் தாங்கும்.

### பணம் கொடுத்துப் பேசும் ஆசிரியர்

இது பரிமாற்றம் அல்ல. ஆனாலும் ஒப்பீட்டில் வைக்காவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. ஆசிரியரிடம் 30 நிமிடமும் உங்களுடையது. பரிமாற்றத்தில் 60 நிமிடம் உட்கார்ந்தால்தான் உங்கள் 30 நிமிடம் கிடைக்கும். பரிமாற்றத்தின் விலை அந்த மறுபாதி. மாதக்கடைசியில் ஜப்பானிய மேலாளரிடம் அறிக்கை வாசிக்க வேண்டியவர், நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரம் மட்டும் வைத்திருப்பவர் ஆகியோருக்கு ஆசிரியரே சரி. ஐந்து நிமிடம் தொடர்ந்து பேச முடியாதவருக்கும் அப்படித்தான். எதிரே இருப்பவர் பயிற்சி பெற்றவராக இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடம் இருவருக்குமே வேதனை.

### ஆங்கிலம் தருவதா, தமிழ் தருவதா

பெரும்பாலான ஜப்பானியர்கள் ஆங்கிலம்தான் கேட்பார்கள். தாய்மொழி ஆங்கிலம் இல்லையே என்று நாம் கூச வேண்டியதில்லை; இந்தியாவோடு தொழில் செய்பவர்களுக்கு நம் ஆங்கிலமே தேவை. ஆனால் தெளிவாக முன்பே சொல்லிவிட வேண்டும்.

தமிழ் கேட்பவர் அரிது. 1998இல் ஜப்பானில் வெளியான 'முத்து' படம் உருவாக்கிய ரசிகர் கூட்டத்தின் தொடர்ச்சியாகவோ, சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்ததாலோ தமிழுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அவருக்கும் வேறு ஆள் கிடைப்பது கடினம், அதனால் ஏற்பாடு நீடிக்கும். ஒன்றை மட்டும் முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டும்: எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? அவர் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருப்பார். நாம் வாய் திறந்ததும் ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடாது. இரண்டையும் கலந்து கொடுத்தால் அவருடைய பாதி நேரம் விளக்கத்திலேயே கரைந்துவிடும்.

## நிமிடங்களைப் பங்கிடுவது

முதலில் என் முதல் துணையோடு நடந்ததைச் சொல்கிறேன். அவர் நாகோயாக்காரர், வாகன உதிரிபாகத் துறை. இருவரும் பெருந்தன்மையானவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் மாதங்கள் போக எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அனுமதியோடு ஓர் அழைப்பைப் பதிவு செய்து, நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினேன்.

60 நிமிடத்தில் ஜப்பானியம் 22, ஆங்கிலம் 31, மீதி 7 இணைப்புக் கோளாறும் நலம் விசாரிப்பும். அவருடைய ஆங்கிலம் என் ஜப்பானியத்தைவிட நன்றாக இருந்தது. எனக்குச் சொல் கிடைக்காதபோதெல்லாம் பேச்சு ஆங்கிலத்துக்கு வழுக்கியது. இது எதிர்பார்த்ததே. அதிர்ச்சி அடுத்த எண்ணிக்கையில் இருந்தது. ஜப்பானியத்தில் போன 22 நிமிடத்தில் நான் பேசியது 7, அவர் 11, மௌனம் 4. ஆங்கிலத்தின் 31இல் அவர் பேசியது 9, நான் 17, மௌனம் 5. அதாவது இருவரும் தத்தம் சரளமான மொழியிலேயே அதிகம் பேசியிருக்கிறோம். ஒரு மணி நேரம் கொடுத்து நான் பெற்றது ஏழு நிமிடம்!

மொழிக்குச் சமநேரம் என்பது பேசுபவருக்குச் சமநேரம் ஆகாது. ஜப்பானியப் பகுதியில் ஜப்பானியர் குறைவாகப் பேச வேண்டும். ஆங்கிலப் பகுதியில் நாம் குறைவாகப் பேச வேண்டும். இந்த விதி இல்லாத எந்தப் பங்கீடும் மேலே சொன்ன இடத்தில்தான் போய் நிற்கும்.

இதில் நம் இரு ஊர்ப் பழக்கங்களுக்கும் பங்கு உண்டு. ஜப்பானியத்தில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. "ஹாய்", "உன்", "ஸோ தெஸ் நே" என்று இடைவிடாமல் உம் கொட்டுவார். இதை அவர்கள் ஐசுச்சி என்கிறார்கள். அதற்கு "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் பொருள். "புரிந்தது" என்றோ "சம்மதம்" என்றோ பொருள் இல்லை. நான் அதை இசைவு என்று எடுத்துக்கொண்டு, சொல்லி முடித்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுவேன். மறுபக்கம், ஆங்கிலத்தில் வாக்கியம் தேடி அவர் மூன்று நொடி மௌனமானால், நான் உதவுவதாக எண்ணிப் பாய்ந்து அவருடைய வாக்கியத்தை முடித்துவைப்பேன். நம் வீடுகளில் அடுத்தவர் பேச்சை முடித்துவைப்பது அன்பின் அடையாளம். அங்கே அது அவருடைய நேரத்தைப் பறிப்பது. அந்த மௌனத்தில் அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். இப்போது நான் வாயைத் திறப்பதற்கு முன் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பெரும்பாலும் நான்குக்குள் அவரே தொடர்ந்துவிடுகிறார்.

இனி, வழக்கத்தில் இருக்கும் மூன்று பங்கீடுகள்.

### ஒரே அழைப்பில் பாதிப் பாதி

பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய டெலிடேண்டம் என்ற இணையவழி மொழிப் பரிமாற்றத் திட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று, மொழிகளைக் கலக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் ஒதுக்குவது. தனியாட்களான நமக்கும் இதுவே தொடங்க ஏற்றது. கடன் அன்றன்றே தீர்ந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. முதல் பகுதி எப்போதும் இழுத்துக்கொண்டு போகும், இரண்டாம் பகுதி சுருங்கும். ஆகவே வாரம் மாற்றித் தொடக்க மொழியை மாற்றுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் அழைப்பு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். 20-20 என்று பிரித்தால் அதுவே நடுவர். இன்னும் எளிய வழி, சதுரங்கக் கடிகாரச் செயலி. அவர் பேசும்போது அவர் பக்கம், நான் பேசும்போது என் பக்கம் ஓடும்படி தட்டிக்கொண்டே போனால் இருவரின் நிமிடங்களும் கண்ணெதிரே நிற்கும். ஒவ்வொரு வாரமும் தேவையில்லை. மாதம் ஒருமுறை போதும். தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தால் பேச்சே இயந்திரமாகிவிடும்.

### நாள் மாற்றி

ஒரு வாரம் முழு அழைப்பும் ஜப்பானியம், அடுத்த வாரம் முழுவதும் ஆங்கிலம். நாற்பது நிமிடம் ஒரே மொழியில் இருக்கும்போது முதல் கால் மணி நேரத்தின் தடுமாற்றம் தீர்ந்து, அதற்குப் பிறகு நல்ல பேச்சு வரும். என்-2 நிலைக்கு மேல் இது பாதிப் பாதியைவிடச் சிறந்தது.

ஆனால் ஒரு வாரம் தவறினால் கடன் ஏறுகிறது. ஏப்ரல் கடைசியில் அவர்களுக்குக் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்டில் ஓபோன் பண்டிகை, நமக்குப் பொங்கலும் தீபாவளியும். தவறுவது எப்போதும் ஒருவருடைய முறையாகவே இருந்துவிட்டால் மனத்தாங்கல் வரும், ஜப்பானியர் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். "தவறிய மொழியே அடுத்த வாரம்" என்ற விதியை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால்தான் இந்த முறை நிற்கும்.

### அவரவர் கற்கும் மொழியில்

நான் முழுக்க ஜப்பானியம் பேசுவேன், அவர் முழுக்க ஆங்கிலம் பேசுவார். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை: பேசும் ஒவ்வொரு நிமிடமும் பயிற்சி. மொழி மாற்றவே தேவையில்லாததால் ஆங்கிலத்துக்கு வழுக்கும் நோயும் வராது.

நான் நான்கு வாரம் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் முழுவதும் என் காதில் விழுந்தது கற்றுக்கொண்டிருப்பவரின் ஆங்கிலம். ஒரு ஜப்பானியர் இயல்பாக எப்படிச் சொல்வார் என்பது காதில் விழவே இல்லை. என் தவறான வினைவடிவங்கள் நாளுக்கு நாள் இறுகின. நிறையக் கேட்டுவிட்டு வாய் மட்டும் திறக்காதவருக்கு ஒரு மாதத்துக்கு இது நல்ல மருந்து. நிரந்தர உணவாக வேண்டாம்.

| | ஒரே அழைப்பில் பாதிப் பாதி | நாள் மாற்றி | அவரவர் கற்கும் மொழியில் |
|---|---|---|---|
| பேசக் கிடைப்பது | கடிகாரம் வைத்தால் மணிக்கு 14 நிமிடம் அளவில் | இரண்டு வாரச் சராசரியில் ஏறக்குறைய அதே. பேச்சின் ஆழம் அதிகம் | மிக அதிகம் |
| இயல்பான ஜப்பானியம் கேட்பது | உண்டு | உண்டு | இல்லை |
| உடையும் இடம் | இரண்டாம் பகுதி சுருங்குதல் | தவறிய வாரங்கள் | தவறுகள் இறுகுதல் |
| யாருக்கு | என்-4 முதல் என்-3 | என்-2க்கு மேல் | கூச்சத்தை உடைக்க விரும்புபவருக்கு, ஒரு மாதம் |

## திருத்தியமைத்த ஒரு மணி நேரம்

எண்ணிப் பார்த்த பிறகு நாகோயா நண்பரிடம் அந்த எண்களை அப்படியே காட்டினேன். குற்றம் சொல்லாமல் எண்ணைக் காட்டியது நல்லதாகப் போயிற்று. அவரும் தன் ஒன்பது நிமிடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். இருவரும் சேர்ந்து வகுத்தது இது.

முதல் 5 நிமிடம் எந்த மொழியிலும் இருக்கலாம். அடுத்த 25 ஜப்பானியம். அதில் நான் முன்பே தயாரித்த ஒரு விஷயத்தை மூன்று நிமிடம் தொடர்ந்து சொல்வேன்: மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதை, அலுவலகத்தில் இயந்திரம் நின்றுபோன நாள், இப்படி நடந்த ஒன்று. கருத்தைவிட நிகழ்ச்சி நல்லது, ஏனென்றால் இறந்தகால வடிவங்களும் "அதனால்", "அப்போது" போன்ற இணைப்புச் சொற்களும் தாமாக வந்துவிடும். பிறகு அவர் கேள்வி மட்டும் கேட்பார்; தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒரு முறை, சுருக்கமாக. கேள்வி என்பது ஆம் இல்லை என்று முடிந்துவிடாததாக இருக்க வேண்டும்.

திருத்தத்தை வாயால் சொல்லக் கூடாது. தவறு காதில் விழுந்ததும் அவர் அரட்டைப் பெட்டியில் சரியான வடிவத்தைத் தட்டிவிடுவார். நான் பார்த்தும் பாராமலும் தொடர்வேன். வாயால் திருத்தினால் விளக்கம் வரும், விளக்கம் ஆங்கிலத்தில் வரும், ஐந்து நிமிடம் போய்விடும். ஒரு பகுதிக்கு ஐந்து திருத்தத்துக்கு மேல் வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டோம். சொல் தெரியாவிட்டால் ஜப்பானியத்திலேயே சுற்றிச் சொல்ல வேண்டும். முப்பது நொடி முயன்றும் முடியாவிட்டால் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்கலாம், வாக்கியமாகக் கேட்கக் கூடாது.

அடுத்த 25 ஆங்கிலம், இதே விதிகள் இடம் மாறி. கடைசி 5 நிமிடம் தட்டிவைத்த திருத்தங்களை இருவரும் உரக்கச் சொல்லிப் பார்ப்பது.

ஐந்தாவது அழைப்பை மறுபடி எண்ணினேன். ஜப்பானியத்தின் 25இல் நான் 14, அவர் 6, மௌனம் 5. ஆங்கிலத்தில் அவர் 13, நான் 7, மௌனம் 5. முன்பு போலவே ஒரு மணி நேரம்தான், ஆனால் என் பங்கு இரட்டிப்பானது. 14க்கு மேல் ஏற்றவும் முயன்றோம். அது நேர்முகத் தேர்வு போல ஆகிவிட்டது, இருவருக்கும் பிடிக்கவில்லை.

முழு அழைப்பையும் எண்ணப் பொறுமை இல்லாதவர்கள், ஒவ்வொரு பகுதியின் நடுவிலிருந்தும் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து எண்ணலாம். அந்தத் துண்டில் அந்த மொழியைக் கற்பவரின் பேச்சு இரண்டரை நிமிடத்துக்குக் கீழே என்றால் கசிவு இருக்கிறது.

## சரிவரவில்லை என்றால்

நான்கு அழைப்புக்குப் பிறகும் எண்கள் மாறாவிட்டால் ஒரு முறை நேராகப் பேசுங்கள். பேசியும் மாறாதபோது துணையை மாற்றுவதே நல்லது. எதிராளிக்குத் தன் பக்கம் விருப்பம் குறைந்திருக்கலாம். அவர் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார். "அடுத்த வாரம் சொட்டோ...", அதாவது "அடுத்த வாரம் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்துவார். அந்த இழுப்பே மறுப்பு. ஜப்பானியர்கள் பயன்படுத்தும் லைன் அரட்டைச் செயலியில் இரண்டு வாரமாகப் பதில் நான்கு சொல்லோடு முடிகிறது என்றால் அதற்கும் அதே பொருள். காரணம் கேட்டுத் துளைக்காமல், இதுவரை கொடுத்த நேரத்துக்கு நன்றி சொல்லி, வசதிப்படும்போது மறுபடி பேசலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் அப்படி எழுதி விட்ட ஒருவர், வேலைப் பளு குறைந்ததும் எட்டு மாதம் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தார். இப்போது சனிக்கிழமை காலை 7 மணிக்கு நான் பேசுவது அவரோடுதான், நாள் மாற்றி முறையில். இந்த வாரம் ஆங்கிலம், அவருடைய முறை.